பலகையில் கம்பெனி பெயர், உள்ளே யார்?

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. கூகுளில் தேடினால் அதே பிராண்ட் பெயரில் வரிசையாக ‘சர்வீஸ் சென்டர்’கள். யாரை நம்புவது?

1. தேடலில் வரும் எண்ணை விடுங்கள். வாரண்டி அட்டையிலோ மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். தேடலில் மேலே நிற்பது காசு கொடுத்த விளம்பரமாக இருக்கலாம்.

2. கடையின் பெயர், பின்கோடு சொல்லி, “இவர்கள் இப்போது உங்கள் பட்டியலில் உண்டா?” என்று கேளுங்கள். உரிமம் போன பிறகும் பலகையைக் கழற்றாத கடைகள் உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழின் தேதியையும் பாருங்கள்.

3. புகாரைக் கம்பெனியிலேயே பதியுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் புகார் எண்ணை, வீட்டுக்கு வருபவரிடம் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்; அவரே சொல்லட்டும். கம்பெனி அனுப்பிய ஆளிடம் அது இருக்கும். ‘எல்லா பிராண்டும் பார்ப்போம்’ என்று இழுத்தால், வாசலோடு சரி.

4. பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை services.gst.gov.in தளத்தில் போட்டு, பதிவான பெயரைப் பாருங்கள். இது அங்கீகாரத்துக்குச் சான்றல்ல. ஆனால் கம்பெனி சொன்ன பெயரோடு ஒத்துவராவிட்டால் கம்பெனியிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

5. ஏமாந்துவிட்டால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.