டாலரில் மட்டும் கட்டணம்: கார்டு ஏன் மறுக்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கப் போகும் என் மகளுக்கு ‘செவிஸ்’ கட்டணம் 350 டாலர் கட்ட வேண்டும். கணக்கில் பணம் இருந்தும் கார்டு நிராகரிக்கப்படுகிறது. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் குறை பணத்தில் இல்லை, கார்டின் அமைப்பில்தான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டே வருகிறது. வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போய், வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்க வேண்டும். ஓ.டி.பி.கூட வராமல் உடனே மறுக்கப்பட்டால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தடை, வரம்பு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 350 டாலருக்கு 29,750 ரூபாய். வரம்பை 30,000 என்று வைத்தால் போதும் என்றே தோன்றும். ஆனால் கார்டு நிறுவனத்தின் மாற்று விகிதம் சற்றுக் கூடுதலாக இருந்தாலே தொகை அந்த வரம்பைத் தாண்டிவிடும். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 1,041 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 187 ரூபாய். மொத்தம் சுமார் 31,000. எனவே வரம்பும் கணக்கிலுள்ள இருப்பும் 35,000 ஆக இருப்பது நல்லது.

அப்படியும் நடக்காவிட்டால் உறவினரின் கார்டில் கட்டலாம். இந்தக் கட்டணத்தை மாணவருக்காக யாரும் செலுத்தலாம். ஆனால் ஐ-20 படிவத்தில் உள்ள செவிஸ் எண், பெயர், பிறந்த தேதி ஆகியவை மாணவருடையதாகவே இருக்க வேண்டும். ரசீதை உடனே அச்சிட்டு, விசா நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.