ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்

2016-ஆம் ஆண்டு. ஜொகூர் பாருவில் ஒருவர் 100 ரிங்கிட் காலணியுடன் 60 ரிங்கிட் காலணியை இலவசமாகப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 6 விழுக்காடு பொருள், சேவை வரி நடப்பில் இருந்தது. அவர் செலுத்தியது 106 ரிங்கிட்.

மறுநாள் 100 ரிங்கிட் காலணி காலைக் கடிப்பதாகத் திருப்பித் தருகிறார். ரசீதில் ஒன்று 100, மற்றொன்று சுழியம் என்றிருந்தால் 106 ரிங்கிட்டும் அவருக்கே போய்விடும். இலவசக் காலணியும் அவரிடமே இருக்கும். கடைக்காரர் பாவம்! மாறாக, இலவசக் காலணி கிழிந்திருந்தால் அவருக்கு ஒரு காசும் கிடைக்காது.

எனவே, 60 ரிங்கிட் கழிவை விலைகளின் விகிதப்படி இரு பொருள்களுக்கும் பிரிப்பார்கள். முதலாவதில் 37.50, இரண்டாவதில் 22.50 ரிங்கிட் குறையும். ஆகவே, அவற்றின் விலை முறையே 62.50, 37.50 ரிங்கிட், வரி 3.75, 2.25 ரிங்கிட். முதல் காலணியைத் திருப்பினால் வரியோடு 66.25 ரிங்கிட் கிடைக்கும். ரசீதில் ஒவ்வொரு பொருளின் கீழும் கழிவு தெரிந்தால், அது பிரிக்கப்பட்டுள்ளது என அறியலாம்.

2018 செப்டம்பர் முதல் விற்பனை வரி தொழிற்சாலையிலோ இறக்குமதியிலோ விதிக்கப்படுகிறது. காலணிக் கடை ரசீதில் அது தனியே சேராது. எனினும், பொருளைத் திருப்பும்போது இதே கணக்குத்தான்.