கரையில் ஒலிக்கும் குரல்

பழவேற்காடு ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் சிறியது. ஏரியும் கடலும் கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்பர். அங்கே மணல் சேர்ந்து வழி குறுகும். சில காலம் அடைபட்டும் போகும். நேற்று படகு சென்ற தடத்தில் இன்று மணல்மேடு இருக்கலாம். அலை உடையும் அந்த இடத்தைக் கடக்கும்போது படகை நடத்துபவர் உரத்த குரலில்தான் ஆணையிடுவார். காற்றும் அலையும் இன்ஜினும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் மெல்லிய சொல் எவர் காதிலும் விழாது. 'வலப்பக்கம் சாய்', 'கயிற்றை விடு' என்று அவர் கத்துவதில் சினம் இல்லை. அதைக் கேட்பவரும் வருந்துவதில்லை.

அதே குரல் கரைக்கு வந்த பின்னும் தணியாமல் இருந்தால் என்ன ஆகும்? வலை சீர் செய்யும் இடத்திலும், மீன் பங்கிடும் இடத்திலும், வீட்டுத் திண்ணையிலும் அதே வேகத்தோடு ஒலித்தால், அது ஆணையாகக் கேட்பதில்லை, அச்சுறுத்தலாகக் கேட்கிறது. கத்துபவருக்கோ இந்த வேறுபாடு தெரிவதில்லை. அவரைப் பொறுத்தவரை அது அவருடைய இயல்பான குரல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒருவரைக் கண்டு அஞ்சுபவர் தம் அச்சத்தை அவரிடமே சொல்வதில்லை. ஆகவே, அஞ்சவைப்பவருக்குத் தம் நடத்தை பற்றிய செய்தி நேராக வந்து சேர்வதில்லை. தம் முன்னே எல்லாரும் அமைதியாக இருப்பதை அவர் மரியாதை என்று எண்ணுகிறார். உண்மை பெரும்பாலும் மூன்றாம் ஆள் வழியாகவே வருகிறது. அப்படி வந்த ஒரு கடிதம் உலக வரலாற்றில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

ஒரு மனைவியின் கடிதம்

1940 மே 10 அன்று வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டனின் பிரதமரானார். அடுத்த மாதமே பிரான்சு வீழ்ந்தது. ஜெர்மனியின் படையெடுப்பை எந்நேரமும் எதிர்நோக்கிப் பிரிட்டன் நின்றது. அந்த நெருக்கடியின் நடுவில், ஜூன் 27 அன்று, அவருடைய மனைவி கிளமென்டைன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். (இந்திய விடுதலையை எதிர்த்தவர் என்ற முறையிலும், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நினைத்தும் நம்மில் பலருக்குச் சர்ச்சில்மீது நல்லெண்ணம் இல்லை. எனினும் அக்கடிதம் கற்கத் தக்கது.)

சர்ச்சிலோடு நெருங்கிப் பணியாற்றிய, அவரிடம் அன்புள்ள ஒருவர் கிளமென்டைனிடம் வந்து ஒரு செய்தி சொல்லியிருந்தார். கடுமையும் ஏளனமும் அடக்கி ஆளும் போக்கும் கொண்ட பேச்சினால், உடன் பணியாற்றுவோரும் கீழ்ப் பணியாற்றுவோரும் சர்ச்சிலை வெறுக்கும் நிலை வரக்கூடும் என்பதே அச்செய்தி. அவருடைய செயலாளர்கள், பள்ளிச் சிறுவர்களைப்போல வருவதை வாங்கிக்கொண்டு, பிறகு தோளைக் குலுக்கியபடி நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் எவரேனும் ஒரு கருத்தைச் சொன்னால் அவர் அதை இகழ்வதால், இனி நல்ல கருத்தோ தீய கருத்தோ எதுவுமே வராமற்போகும். இதைக் கேட்டுக் கிளமென்டைன் முதலில் திகைத்து வருந்தினார். எனினும் தம் கணவரின் நடத்தையில் முன்பிருந்த கனிவு குறைந்திருப்பதைத் தாமும் கண்டதாக அவர் எழுதினார்.

அக்கடிதம் அமைந்த விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'நீங்கள் கொடியவர்' என்று அதில் எங்கும் இல்லை. அது ஆளைப் பழிக்கவில்லை, நடத்தையைச் சுட்டியது. அந்த நடத்தையால் விளையும் கேட்டையும் சுட்டியது. செய்தி சொன்னவரின் பெயரை வெளியிடவில்லை. மன்னர், காண்டர்பரி பேராயர், நாடாளுமன்ற அவைத்தலைவர் ஆகிய மூவரைத் தவிர வேறு எவரையும் பதவி நீக்கும் வலிமை அவருக்கு இருப்பதை நினைவூட்டி, அத்தனை பெரிய அதிகாரத்தோடு இன்சொல்லும் அமைதியும் சேர வேண்டும் என்றது. இதை முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கிழித்துப்போட்டதாகவும், இப்போது மீண்டும் தருவதாகவும் இறுதியில் அவர் குறிப்பிட்டார். சொல்லத் துணிவதற்கு அவருக்கே சில நாள்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

சர்ச்சில் அன்றே மாறிவிட்டாரா? இல்லை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் படைத்தலைமைப் பொறுப்பேற்ற தளபதி ஆலன் புரூக்கின் நாட்குறிப்புகளில், சர்ச்சிலின் சினத்தோடு போராடிய சலிப்பு பல இடங்களில் பதிவாகியுள்ளது. ஆனால் நேருக்கு நேர் 'முடியாது' என்று மறுத்துப் பேசும் அதே புரூக்கைப் போர் முடியும்வரை அவர் தம் அருகிலேயே வைத்திருந்தார். குரல் முழுவதும் மாறவில்லை. மறுப்பவரை விலக்காமல் வைத்துக்கொள்ளும் பண்பு மட்டும் இருந்தது. அதையும் சிறிது என்று தள்ளிவிட முடியாது.

ஏரிக்கரையில்

இனி, பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் ஒரு படகைக் கற்பனை செய்துகொள்வோம். படகுக்குச் சொந்தக்காரர் ஐம்பது வயதை நெருங்கியவர், நல்ல உழைப்பாளி. அவரோடு நான்கு பேர் கடலுக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவன் பதினெட்டு வயது இளைஞன். ஒருநாள் முகத்துவாரத்தை அடைவதற்குச் சற்று முன்பு இன்ஜின் நின்றுவிட்டது. டீசல் குழாயில் விரிசல். சில நிமிடங்கள் கழித்து, அலை உடையும் இடத்தில் அது நின்றிருந்தால் படகு கவிழ்ந்திருக்கும். இளைஞன் அவ்விரிசலை முந்தின நாளே கண்டிருந்தான், சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் வலை கிழிந்ததைச் சொன்னபோது, எல்லார் முன்னிலையிலும் வாங்கிய ஏச்சு அவன் நாவைக் கட்டிவிட்டது.

அன்று மாலை மைத்துனர் அவரைத் தனியே அழைத்துச் சொல்கிறார்: "மாமா, நம்ம பசங்க உங்ககிட்ட வாயத் திறக்கவே பயப்படுறாங்க."

அவர் வாயில் முதலில் எழக்கூடிய சொற்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். 'நான் யாரையும் மிரட்டவில்லையே, நல்லதுக்குத்தானே சொன்னேன்' என்பது ஒன்று. அவர் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம்; ஆனால் கேள்வி நோக்கத்தைப் பற்றியது அன்று, அது பிறரிடம் உண்டாக்கிய விளைவைப் பற்றியது. 'யார் சொன்னது?' என்பது இரண்டாவது. எல்லாரும் உறவினராக வாழும் சிறிய ஊரில், பெயரைக் கேட்பதே மற்றோர் அச்சுறுத்தலாகிவிடும். அடுத்த முறை மைத்துனரும் வாய் திறக்கமாட்டார். மூன்றாவது, ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சில நாள்கள் இறுக்கமாக இருப்பது. கத்துவதைவிட இது நல்லது என்று அவர் எண்ணக்கூடும். படகில் உள்ளவர்களுக்கோ அந்த மௌனம் ஏச்சைவிடக் கனமானது.

இம்மூன்றையும் விடுத்து, அவர் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: "நான் என்ன செய்யும்போது அப்படித் தோன்றுகிறது?" விடை பொதுவாக இராமல் குறிப்பாக இருந்தால்தான் பயன்படும். கீழே அமர்ந்து வலை முடிபவனின் தலைக்கு நேராக நின்று பேசுவது, மீன் வாங்க வந்த பெண்களின் எதிரில் திட்டுவது, பதில் சொல்லத் தொடங்குமுன் குறுக்கிடுவது, பழைய பிழையை மீண்டும் எடுத்துப் பேசுவது எனப் பலவும் அதில் வரலாம். அவர் விளக்கம் தர வேண்டாம். கேட்டுக்கொண்டு, 'யோசிக்கிறேன்' என்று எழுந்தால் போதும்.

சிந்திக்கும்போது அவர் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதே ஏச்சை ஒத்த வயதுடைய கூட்டாளி ஏசியிருந்தால், இளைஞன் சிரித்துக்கொண்டே திருப்பி ஏசியிருப்பான். இவரிடம் அது முடியாது. படகு இவருடையது, இளைஞனின் வீடு இவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறது, நாளைக்குப் படகில் இடம் உண்டா என்பதும் இவர் கையில். கை ஓங்காமலே அஞ்சவைக்க இவ்வளவும் போதுமானவை. ஏரியில் பாடு முறை பற்றிப் பேசக் கூடும் ஊர்க்கூட்டத்திலும் இதுவே நிகழும். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிரும் அவ்வழக்கத்தில், செல்வாக்குள்ளவர் முதலிலேயே உரக்கப் பேசிவிட்டால், உரிமையுள்ள எளியவர் தம் முறையைக் கேட்காமலே எழுந்துபோய்விடுவார்.

எல்லாக் குறைகூறலும் நியாயமானது என்றும் கொள்ள வேண்டியதில்லை. உயிர்காப்புச் சட்டையை அணியச் சொன்னதையே மிரட்டல் என்பவரும் உண்டு. அத்தகைய இடத்தில், சொன்ன செய்தியையும் சொன்ன விதத்தையும் பிரித்துப் பார்க்கலாம். அதே கட்டளையைத் தாழ்ந்த குரலில், தனியே சொல்லியிருந்தாலும் அவர் மறுத்திருப்பாரா? ஆம் எனில், கட்டளையில் தளர வேண்டா. இல்லை எனில், மாற வேண்டியது விதம்தான்.

மாற்றம் பெரிய மன்னிப்பில் தொடங்க வேண்டும் என்பதில்லை. எல்லாரையும் கூட்டி வைத்துக் கண்கலங்கினால், அவரைத் தேற்றும் சுமையும் அஞ்சியவர்கள் தலையிலேயே விழும். எவரிடம் தவறினாரோ அவரிடம், என்ன செய்தார் என்பதைக் குறிப்பிட்டு, இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். பிறகு சில பழக்கங்களை மாற்ற வேண்டும். நம் படகுக்காரர் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதேனும் கெட்டுவிட்டால் 'எவன் செய்தது?' என்று கேட்காமல் 'என்ன ஆயிற்று?' என்று கேட்பது. பிழையைப் பற்றிய பேச்சை உட்கார்ந்து, தனியே பேசுவது. முகத்துவாரத்தில் மட்டும் பழைய குரல் அப்படியே இருக்கலாம். அங்கு அது தேவை.

பலன் உடனே தெரியாது. முதல் சில வாரங்கள் எவரும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் அவர் நிதானம் தவறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். முன்பணம் இருக்கும்வரை அச்சம் முழுவதும் அகலாது என்பதும் உண்மை. 'இப்பொழுது நீங்கள் எவ்வளவோ மாறிவிட்டீர்கள்' என்று எவரேனும் புகழ்வதையும் அவர் சான்றாகக் கொள்ள முடியாது. அஞ்சுபவரும் அப்படித்தான் புகழ்வார். தீய செய்தி எவ்வளவு சீக்கிரம் தம்மிடம் வருகிறது என்பதை அவர் கவனிக்கலாம்.

மூன்று மாதங்கள் கழிந்த ஒரு விடியற்காலை. படகைத் தள்ளுவதற்குக் கை வைக்கும்போது இளைஞன் சொல்கிறான்: "டீசல் குழாய மறுபடி பாத்தேன். ஒழுகுது." அவர் அவன் முகத்தைப் பார்க்கிறார், பிறகு இன்ஜின் பக்கமாகக் குனிகிறார். "எந்த இடத்துல? காட்டு." அன்று அவர்கள் படகு மற்றப் படகுகளைவிட ஒரு மணி நேரம் தாமதமாகவே முகத்துவாரத்தைக் கடந்தது.