நிலாவிரையின் நிறமும் விலையும்

கேள்வி: திருநெல்வேலிச் சீமையில் நிலாவிரை பயிரிட்டேன். தரக்குறைவென்று வியாபாரி விலையைக் குறைக்கிறாரே, நியாயமா?

பதில்: பருத்தியை விட்டு நிலாவிரைக்கு மாறிய சிறு விவசாயி ஒருவர், இலையைக் கடும் வெயிலில் அவசரமாய் உலர்த்தியதால் அது பழுப்பேறிவிட, பாதி விலைக்கே விற்க நேர்ந்தது; தரம் மெய்யாகவே குறைந்ததால் அது நியாயமே. பேதி மருந்துக்கு ஆதாரமான சென்னோசைடு என்னும் சத்து சிதையாதிருக்கவும், ஈரத்தால் பூஞ்சணம் பிடியாதிருக்கவும், இலையை நிழலில் மெல்லியதாய்ப் பரப்பி, அடிக்கடி கிளறி, மஞ்சள் கலந்த பசுமை மாறாமல் உலர்த்தவேண்டும். மறுபோகத்தில் அவ்விதமே செய்தும் 'சத்துக் குறைவு' என்று வியாபாரி சாதித்தபோது, அவ்விவசாயி பரிசோதனைச்சாலையின் சான்றிதழை முன்வைத்து, பேசிய விலையைப் பெற்றார். ஆகையால் நிறம், ஈரம், சத்து இவற்றுக்கு இன்ன விலையென்று விதைக்குமுன்பே எழுத்தில் பெறுங்கள். சரக்கு உலர்ந்தபின் பேரம் வாங்குபவர் வசமாகிவிடும்.