விற்பனைப் படத்தில் வண்டி எண்: பாதி மறைத்தால் மறைந்ததாகாது

மோட்டார் காரையோ மோட்டார் சைக்கிளையோ விற்க விரும்பும் அன்பர்கள் இக்காலத்தில் தரகரைத் தேடுவதற்கு முன் கைத்தொலைபேசியை எடுக்கின்றனர். நான்கு பக்கமும் படம் பிடித்து, விலையை எழுதி, விற்பனைப் பக்கத்தில் போட்டுவிடுகின்றனர். அதற்கு முன் எண் பலகையை மறைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எவ்வளவு மறைக்க வேண்டும், எப்படி மறைக்க வேண்டும் என்பதுதான் இப்பாடத்தின் பொருள்.

“தெருவில் போகிறவர் எல்லோரும் காணும் எண்தானே, அதை மறைப்பானேன்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தெருவில் காண்பவருக்கு உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரியாது. விளம்பரத்திலோ அந்த எண்ணுடன் வண்டியின் வகை, நிறம், ஆண்டு, உங்கள் பெயர், தொலைபேசி எண் ஆகிய யாவும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. பின்னால் வீட்டுக் கதவு எண்ணும் தெரிந்தால், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பதும் வெளியாகிவிடும். திருட்டு வண்டிக்கு அதே வகையும் நிறமும் உள்ள வேறொரு வண்டியின் எண்ணைப் பூட்டி ஓட்டும் மோசடியும் உண்டு. அவ்வண்டி செய்யும் குற்றத்திற்குச் சம்மன் வந்து சேருவது உண்மையான சொந்தக்காரருக்கே. வாங்க வருபவர் எண்ணை அறிந்தே ஆகவேண்டும். அதை அவர் நேரில் வண்டியைப் பார்க்க வரும்போது அறிந்துகொள்ளட்டும்.

இனி, எவ்வளவு மறைப்பது என்பதைப் பார்ப்போம். சிலர் ஓர் இலக்கத்தின்மேல் மட்டும் விரலை வைத்துப் படம் பிடிக்கின்றனர். வேறு சிலர் கடைசி எழுத்தை மட்டும் அழிக்கின்றனர். சிங்கப்பூர் வண்டிகளுக்கு இவ்விரண்டும் பயனற்றவை. ஏனெனில், சிங்கப்பூர் எண்ணின் கடைசி எழுத்து மனம் போனபடி கொடுக்கப்பட்டதன்று. முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எழுத்து அது.

தனியார் ஒருவரின் காரை எடுத்துக் காட்டுவது முறையன்று. ஆகவே SBS 3229P என்ற பஸ் எண்ணை வைத்துக் கணக்கைச் செய்து பார்ப்போம். முதலில் உள்ள மூன்று எழுத்துகளில் கடைசி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கில் B இரண்டாவது எழுத்து, S பத்தொன்பதாவது எழுத்து. ஆக 2, 19, 3, 2, 2, 9 என ஆறு எண்கள் கிடைக்கின்றன. இவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```
18 + 76 + 15 + 8 + 6 + 18 = 141
```

141ஐ 19ஆல் வகுத்தால் மீதி 8. ஒவ்வொரு மீதிக்கும் ஓர் எழுத்து உண்டு. மீதி 8க்கு உரிய எழுத்து P. கடைசி எழுத்தை மட்டும் அழித்தவர் எதையும் மறைக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இப்போது கடைசி எழுத்தை விட்டுவிட்டு, இரண்டாவது இலக்கத்தை மட்டும் விரலால் மறைத்ததாக வைத்துக்கொள்வோம். தெரிவது SBS 3?29P. தெரிந்தவற்றைக் கூட்டினால் 133 வரும். இது 19ஆல் மீதியின்றி வகுபடும். P என்ற எழுத்துக்கோ மீதி 8 வேண்டும். எனவே மறைந்த இலக்கத்தை 4ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் 8 மிஞ்ச வேண்டும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 2 ஒன்றுதான் பொருந்தும். எந்த ஓர் இலக்கத்தை மறைத்தாலும் இவ்வாறே ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். இரண்டு இலக்கங்களை மறைத்தால் நூறு வாய்ப்புகள் இருக்க வேண்டும். கடைசி எழுத்து அதை ஐந்தாறாகக் குறைத்துவிடும். வண்டியின் வகையும் நிறமும் விளம்பரத்திலேயே இருக்க, ஐந்தாறில் ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று.

மலேசிய எண்களில் இத்தகைய சரிபார்ப்பு எழுத்து இல்லை. ஆயினும் ஓர் இலக்கத்தை மறைத்தால் மிஞ்சுவது பத்தே எண்கள்தான். ஆகவே இரு நாட்டவருக்கும் விதி ஒன்றே: பலகை முழுவதையும் மறைக்க வேண்டும்.

எப்படி மறைப்பது? படத்தின் ஓரத்தில் உள்ள வீட்டு எண்ணையோ அடுக்குமாடி வீட்டின் புளோக் எண்ணையோ வெட்டி எடுத்துவிடலாம். எண் பலகை வண்டியின் நடுவில் இருப்பதால் அதை வெட்டினால் வண்டியின் முகமே போய்விடும். அதன்மேல் நிறம் பூசித்தான் மறைக்க வேண்டும். கைபேசியில் உள்ள பேனாவால் கிறுக்குவது போதாது. சில பேனாக்களின் கறுப்பு நிறம் உண்மையில் கண்ணாடித் தாள் போன்றது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எண் தெரிந்துவிடும். உள்ளே முழுதும் நிறம் நிரம்பிய கட்டம் ஒன்றை வைப்பதே சரி.

வெட்டிய பகுதி எப்போதும் ஒழிந்துபோவதும் இல்லை. ஐபோனில் வெட்டிய படத்தின் மூலம் உள்ளேயே பத்திரமாக இருக்கும். Revert என்பதைத் தொட்டால் திரும்பி வரும். வழக்கமான முறையில் அனுப்பினால் வெட்டிய படமே போகும். ஆனால் AirDrop வழியாக All Photos Data என்பதைத் திறந்துவைத்து அனுப்பினால் மூலமும் கூடவே போய்விடும். கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைபேசிகளில் இருந்த ஒரு பிழை 2023 மார்ச்சில் வெளியாயிற்று. அதன் Markup கருவியில் திரைப்பிடிப்பை வெட்டும்போது, சிறிய புதிய கோப்பைப் பெரிய பழைய கோப்பின்மேல் எழுதிவிட்டு, மிஞ்சிய பழைய வாலை நீக்காமல் விட்டுவிட்டது. அந்த வாலிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. கருவியைத் திருத்திவிட்டனர். ஆனால் அதற்கு முன்பே பிறர் கைக்குப் போய்விட்ட படங்களை எவரும் திருத்த இயலாது.

படம் பிடித்த இடமும் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கலாம். வீட்டு எண்ணை வெட்டிவிட்டு இதை விட்டுவைப்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே Options என்பதைத் தொட்டு Location என்பதை அணைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

இத்தனை தொல்லைகளுக்கும் இடம் தராத வழி ஒன்று உண்டு. படம் பிடிப்பதற்கு முன்பே, நின்றிருக்கும் வண்டியின் முன்பலகையையும் பின்பலகையையும் தடித்த தாளால் மூடி ஒட்டிவிடுங்கள். வீட்டு வாசலையும் புளோக் எண் தெரியும் கார் நிறுத்துமிடத்தையும் விட்டு, வேறோரிடத்தில் படம் எடுங்கள். கோப்பில் ஒருபோதும் இல்லாத எண்ணை எந்தக் கெட்டிக்காரரும் மீட்க முடியாது. படம் எடுத்து முடிந்ததும் தாளை நீக்க மறக்கலாகாது. பலகையை மூடிக்கொண்டு சாலையில் ஓட்டுவது குற்றம்.

விளம்பரம் வெளியான பின், வேறொருவர் கைபேசியில் அதைத் திறந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பலகை, அருகிலுள்ள கடைக் கண்ணாடியில் தெரியும் நிழல், மலேசிய வண்டியாயின் முன்கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கும் பழைய ரோட் டேக்ஸ் வில்லை ஆகிய மூன்றையும் முக்கியமாகக் கவனியுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் தெரியாமல் இருந்தாலும், முழு எண்ணும் தெரிந்ததாகவே கொண்டு, அப்படத்தை உடனே நீக்கி வேறு படம் போடுங்கள்.