ஜூனியரின் பிபிடிக்குக் குறிப்பு எழுதும்போது

‘நல்லா இருக்கு, கொஞ்சம் மாத்துங்க’ என்று எழுதினால் ஜூனியருக்கு ஒன்றும் விளங்காது. ஸ்லைடு எண், பிழை, மாற்று மூன்றையும் சொல்லுங்கள். புதுக்கோட்டைக் கிடங்கிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சரக்கு பற்றிய பிபிடி என்றால், இப்படி:

“தம்பி, 3-ஆம் ஸ்லைடில் கிடங்கு முதல் துறைமுக கேட் வரை ஆகும் நேரத்தைப் பிரித்துக் காட்டியது தெளிவா இருக்கு. அதைத் தொடாதீங்க. 5-இல் 30 பெட்டி, 7-இல் 40 டிஇயூ என்று இருக்கு. 20 அடிப் பெட்டி 20, 40 அடிப் பெட்டி 10 என்பதால் கணக்கு சரிதான். 40 அடிப் பெட்டி ஒன்றுக்கு இரண்டு டிஇயூ. ஆனால் பார்ப்பவர் பிழை என்றே நினைப்பார். இரண்டு இடத்திலும் டிஇயூ போட்டு, அடியில் ஒரு வரி விளக்கம் சேருங்க.”

எழுத்துப்பிழைகளை இந்தக் குறிப்பில் கலக்காதீர்கள். ஃபைலிலேயே கமென்டாகப் போட்டுவிடுங்கள்.