கைதிக்கு விலங்கு மாட்டினால் எதிரி திருந்துவானா?

கேள்வி: எதிரி நாடு போர்ச் சட்டத்தை மீறினால், பாதிக்கப்பட்ட நாடும் அதே மாதிரி மீறிப் பதிலடி கொடுக்கலாமா? சமாதான காலத்தில் நாடுகள் எடுக்கும் எதிர்நடவடிக்கையும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: ஒரு காலத்தில் கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. எதிரியை மறுபடி சட்டத்துக்குள் கொண்டுவர, தானும் ஒரு சட்டமீறலைச் செய்வதே போர்க்காலப் பதிலடி. நோக்கம் பழிவாங்குவதல்ல, கட்டுப்பட வைப்பது. ஆனால் நடந்தது வேறு.

1942 ஆகஸ்டில் பிரான்சின் தியெப் துறைமுகத்தில் நேச நாட்டுப் படை இறங்கித் தோற்றது. பிடிபடும் ஜெர்மானியரின் கைகளைக் கட்டச் சொல்லும் உத்தரவு ஒன்று அங்கே ஜெர்மானியரிடம் சிக்கியது. அக்டோபரில் சார்க் தீவிலும் ஜெர்மன் கைதிகள் கட்டப்பட்டனர். உடனே ஜெர்மனி, தியெப்பில் பிடித்த 1,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு விலங்கு மாட்டியது. அவர்களில் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். பதிலுக்குப் பிரிட்டனும் கனடாவும் ஜெர்மன் கைதிகளுக்கு மாட்டின. ஜெர்மனி இன்னும் பலருக்கு மாட்டியது. கனடாவின் பௌமன்வில் முகாமில் விலங்கை ஏற்க மறுத்த கைதிகள் தடுப்பு அமைத்துக் காவலர்களோடு மோதினார்கள். டிசம்பரில் பிரிட்டனும் கனடாவும் விலங்கைக் கழற்றிவிட்டன. ஜெர்மனி கழற்றியது 1943 நவம்பரில்தான். கைதிகள் மீது பதிலடி கூடாது என்று 1929 ஜெனீவா ஒப்பந்தம் ஏற்கெனவே சொல்லியிருந்தும் இது நடந்தது.

உத்தரவு போட்டவர் ஒருவர், அதற்காக விலங்கை அனுபவித்தவர் வேறொருவர். அதோடு, ஒவ்வொரு தரப்பும் தான் செய்வதே பதிலடி என்றது. தடைகள் விரிந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் காயம்பட்டோர், கைதிகள், எதிரியின் பிடியிலுள்ள பொதுமக்கள் ஆகியோர் மீது பதிலடியை அறவே தடுத்தன. 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறை, தாக்குதலின்போது பொதுமக்களையும் அவர்களது உடைமைகளையும் அதே பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் அந்த நெறிமுறையில் சேரவில்லை. சேர்ந்த பிரிட்டன் 1998-இல் இந்தத் தடைக்கு விலக்கு வைத்துப் பதிவு செய்தது. போரிடும் எதிரிப் படையின் மீதான பதிலடியை இந்தத் தடைகள் எட்டவில்லை; ஆகவே, அதற்கு இன்னும் சிறு இடைவெளி உண்டு. அதற்கும் முன்னெச்சரிக்கை வேண்டும், வேறு வழி இருக்கக்கூடாது, அளவு மீறக்கூடாது, எதிரி திருந்தியதும் நிறுத்த வேண்டும்.

சமாதான கால எதிர்நடவடிக்கையின் சுபாவமே வேறு. 1978-இல் அமெரிக்காவின் பான் ஆம் விமானச் சேவை லண்டனில் சிறிய விமானத்துக்கு மாறிப் பாரிஸ் வந்ததை பிரான்ஸ் ஏற்கவில்லை. ஓர்லி விமான நிலையத்தில் பயணிகளை இறங்க விடவில்லை. பதிலாக, ஏர் பிரான்ஸின் பாரிஸ்–லாஸ் ஏஞ்சலிஸ் சேவையை நிறுத்த அமெரிக்கா உத்தரவிட்டது. அது அமலாகும் முன்பே வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. உத்தரவு அளவுக்கு மீறியதல்ல என்று மன்றம் தீர்ப்பளித்தது.

விமான சேவையை நிறுத்தினால் நாளை மறுபடி தொடங்கலாம். 2001-இல் ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த விதிகள் எதிர்நடவடிக்கையிடம் எதிர்பார்ப்பதும், முடிந்தவரை திரும்பப் பெறக்கூடிய இத்தகைய செயலைத்தான். ஆயுத பலத்தையும் அடிப்படை மனித உரிமை மீறலையும் அவை ஏற்பதில்லை. ஒரு நாடு தன் செயலைப் பதிலடி என்று நியாயப்படுத்தும்போது இரண்டைப் பாருங்கள்: அடி யார் மீது விழுகிறது, நாளை அதைத் திரும்பப் பெற முடியுமா?